மூன்று புள்ளிகள் வழியாகச் செல்லும் தளமும் அதிலிருந்து ஒரு புள்ளியின் தொலைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று புள்ளிகள் கொடுத்திருக்கிறார்கள். தளத்தின் சமன்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

செங்கோட்டு வெக்டரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்தத் தளத்துக்குள் கிடக்கும் கோடுகளைக் கொண்டு சொல்வது கடினம். அத்தகைய கோடுகள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடுகின்றன. ஆனால் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் திசை ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துவிட்டால் சமன்பாடும் கிடைத்துவிடும், பின்னால் தொலைவும் கிடைத்துவிடும். இரண்டும் தனித்தனிப் பாடங்களாகப் புத்தகத்தில் வந்தாலும், என் பார்வையில் இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள்தாம்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: A(1, 1, 2), B(3, 2, 4), C(2, 3, 0). முதலில் A-யிலிருந்து மற்ற இரண்டுக்கும் செல்லும் வெக்டர்களை எழுதுகிறோம்.

AB = (2, 1, 2), AC = (1, 2, −2)

இவ்விரண்டும் தளத்திலேயே கிடப்பவை. எனவே இவ்விரண்டுக்கும் ஒருங்கே செங்குத்தான வெக்டர் தளத்துக்கும் செங்குத்தாகும். அதைத் தருவது குறுக்குப் பெருக்கம்.

AB × AC = (1·(−2) − 2·2, 2·1 − 2·(−2), 2·2 − 1·1) = (−6, 6, 3)

மூன்று உறுப்புகளையும் 3 வகுப்பதால் n = (−2, 2, 1) என்று சுருக்கிக்கொள்ளலாம்; திசைதான் நமக்கு வேண்டும், நீளம் எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. இனி தளத்தில் உள்ள எந்தப் புள்ளி (x, y, z)-ஐ எடுத்தாலும், A-யிலிருந்து அதற்குச் செல்லும் வெக்டர் n-க்குச் செங்குத்தாக இருந்தாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனைதான் சமன்பாடு.

−2(x − 1) + 2(y − 1) + 1(z − 2) = 0, அதாவது −2x + 2y + z − 2 = 0

மூன்று புள்ளிகளையும் இதில் இட்டுப் பார்த்தால் மூன்றுக்கும் பூச்சியம் வருகிறது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

குறுக்குப் பெருக்கத்தில் நடு உறுப்பின் குறி எனக்கு எப்போதும் தவறிவிடுகிறது. தவறியது தெரிய ஏதாவது வழி உண்டா?

உண்டு. விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழையும் இதுதான். i, j, k என்று அணிக்கோவையை விரிக்கும்போது j-க்கு முன்னால் வர வேண்டிய கழித்தல் குறியை மறந்துவிடுகிறார்கள். மேலே உள்ள கணக்கில் அப்படி மறந்தால் (−6, −6, 3) என்று வரும். பார்ப்பதற்கு நல்ல விடையாகவே தோன்றும். சமன்பாடும் ஒழுங்காக எழுதிவிடலாம்.

பெருக்கி முடித்தவுடன், கிடைத்த வெக்டரை AB-யுடனும் AC-யுடனும் புள்ளிப் பெருக்கம் செய்து பாருங்கள். இரண்டும் பூச்சியமாக வேண்டும். சரியான வெக்டருக்கு −12 + 6 + 6 = 0 என்றும் −6 + 12 − 6 = 0 என்றும் வருகின்றன. தவறான வெக்டருக்கோ AB-யுடன் −12 − 6 + 6 = −12 வருகிறது. பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டில் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒரு வெக்டருக்குச் செங்குத்தாக எண்ணற்ற திசைகள் இருப்பதால், தவறான விடை ஒன்று AB சோதனையில் தற்செயலாகத் தேறிவிட வாய்ப்புண்டு. சமன்பாட்டில் A-யை மட்டும் இட்டுப் பார்ப்பதும் அப்படித்தான்: A-யைக் கொண்டே சமன்பாட்டை எழுதியிருப்பதால், n எவ்வளவு தவறாக இருந்தாலும் A பூச்சியத்தைத் தந்தே தீரும். B-யும் C-யும்தான் உண்மையைச் சொல்லும்.

விடைப்பகுதியில் 2x − 2y − z + 2 = 0 என்று இருக்கிறது. எனக்கு வேறு மாதிரி வந்திருக்கிறதே?

இரண்டும் ஒரே தளம்தான். சமன்பாட்டின் இரு பக்கங்களையும் பூச்சியமற்ற எந்த எண்ணால் பெருக்கினாலும் தளம் மாறுவதில்லை. −1 ஆல் பெருக்கினால் செங்கோட்டு வெக்டர் எதிர்த்திசையைப் பார்க்கும், அவ்வளவே. A-க்குப் பதிலாக B-யிலிருந்து தொடங்கினாலும், AB × AC என்பதற்குப் பதிலாக AC × AB என்று எடுத்தாலும் இதே தளம்தான் வரும். கெழுக்களின் விகிதம் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது மாறிலியையும் சேர்த்துப் பாருங்கள். x, y, z கெழுக்கள் மட்டும் பொருந்தி மாறிலி பொருந்தாவிட்டால், உங்களுக்குக் கிடைத்திருப்பது ஓர் இணையான தளம்.

அணிக்கோவை முறையில் செய்யச் சொல்கிறார்கள். அது வேறு முறையா?

இல்லை. முதல் நிரையில் x − 1, y − 1, z − 2. இரண்டாம் நிரையில் 2, 1, 2. மூன்றாம் நிரையில் 1, 2, −2 என்று எழுதி, அணிக்கோவையின் மதிப்பைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துகிறார்கள். முதல் நிரை வழியாக விரித்தால் −6(x − 1) + 6(y − 1) + 3(z − 2) = 0 என்றே வருகிறது. குறுக்குப் பெருக்கமும் அதன்பின் வரும் புள்ளிப் பெருக்கமும் ஒரே அடியில் எழுதப்பட்டிருக்கின்றன.

ax + by + cz + d = 0 என்று வைத்து, மூன்று புள்ளிகளையும் இட்டு, மூன்று சமன்பாடுகளைத் தீர்த்தால் போதாதா?

போதும். அதையும் கவனமாகச் செய்தால் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். B-யின் சமன்பாட்டிலிருந்து A-யின் சமன்பாட்டைக் கழித்தால் 2a + b + 2c = 0 என்று வரும்; C-யிலிருந்து A-யைக் கழித்தால் a + 2b − 2c = 0 என்று வரும். (a, b, c) என்ற வெக்டர் AB, AC இரண்டுக்கும் செங்குத்து என்பதைத்தான் இவ்விரு வரிகளும் சொல்கின்றன.

சிக்கல் வருவது, வேலையைக் குறைக்கும் எண்ணத்தில் சிலர் தொடக்கத்திலேயே ax + by + cz = 1 என்று வைத்துக்கொள்ளும்போது. நம் எடுத்துக்காட்டில் அது வேலை செய்யும். ஆனால் தளம் ஆதிப்புள்ளி வழியாகச் சென்றால், (0, 0, 0)-ஐ இட்டவுடன் 0 = 1 என்று வந்து நிற்கும். புள்ளிகளில் ஒன்று ஆதிப்புள்ளியாக இல்லாவிட்டாலும் தளம் அதன் வழியே போகலாம் என்பதால், இந்த முட்டுக்கட்டை சில நேரங்களில் எதிர்பாராத இடத்தில் வரும். z = px + qy + r என்று வைப்பதிலும் இதே போன்ற குறை உண்டு: சுவரைப் போல நேராக நிற்கும் தளத்தை அந்த வடிவில் எழுதவே முடியாது. செங்கோட்டு வெக்டர் வழியில் இந்த விதிவிலக்குகள் எவையும் இல்லை. அதனால்தான் அதை முதலில் வைத்தேன்.

தொலைவுக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

தளத்துக்கு வெளியே P(4, 0, 1) என்று ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். தளத்தில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளி A. A-யிலிருந்து P-க்குச் செல்லும் வெக்டர் AP = (3, −1, −1). இது பொதுவாகச் சாய்வாகத்தான் போகும். அதன் ஒரு பங்கு தளத்தோடு படுத்துக் கிடக்கும், மற்றொரு பங்கு தளத்துக்குச் செங்குத்தாக எழும்பும். நமக்கு வேண்டியது எழும்பும் பங்கின் நீளம் மட்டுமே.

ஒரு வெக்டரின் குறிப்பிட்ட திசையிலான பங்கை, அதாவது வீழலை அறிய, அந்தத் திசையின் அலகு வெக்டருடன் புள்ளிப் பெருக்கம் செய்தால் போதும். n = (−2, 2, 1)-இன் நீளம் √(4 + 4 + 1) = 3. ஆகவே எழும்பும் பங்கு

(AP · n) / |n| = (−6 − 2 − 1) / 3 = −3

தொலைவு 3 அலகுகள். இப்போது AP · n என்பதை விரித்துப் பாருங்கள்: −2(4 − 1) + 2(0 − 1) + 1(1 − 2). இது தளத்தின் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் x, y, z-க்குப் பதிலாக P-யின் ஆயத்தொலைகளை இட்டதுதான். புத்தகத்தில் உள்ள சூத்திரம் இந்த ஒரு வரியின் பொது வடிவம்:

தொலைவு = |a·x₁ + b·y₁ + c·z₁ + d| / √(a² + b² + c²)

மேலே உள்ள எண் AP · n. கீழே உள்ள எண் |n|. இதற்கு மேல் சூத்திரத்தில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. A-க்குப் பதிலாக B-யையோ C-யையோ எடுத்தாலும் அதே −9 தான் மேலே வரும். ஏனென்றால் தளத்துக்குள் இடம் மாறுவது செங்குத்துத் திசையில் எதையும் கூட்டுவதில்லை. BP = (1, −2, −3)-ஐ எடுத்துப் பாருங்கள்: −2 − 4 − 3 = −9.

கெழுக்களை √(a² + b² + c²) ஆல் முன்கூட்டியே வகுத்து வைத்துக்கொண்டால், புள்ளியை இட்டவுடனேயே தொலைவு கிடைத்துவிடும். சமன்பாட்டின் அந்த வடிவத்துக்கு ஜெர்மானியக் கணித அறிஞர் ஒட்டோ ஹெஸ்ஸேயின் (1811–1874) பெயர் வழங்குகிறது. ஒரே தளத்திலிருந்து பல புள்ளிகளின் தொலைவு வேண்டுமானால் இந்த வடிவில் எழுதிக்கொள்வதே வசதி.

செங்குத்துத் தொலைவுதான் மிகக் குறைந்தது என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? செங்குத்தின் அடி எங்கே விழுகிறது?

அடியை முதலில் கண்டுபிடிப்போம். P-யிலிருந்து n-இன் திசையில் t மடங்கு நகர்ந்தால் (4 − 2t, 2t, 1 + t) என்ற புள்ளியை அடைகிறோம். அதைத் தளத்தின் சமன்பாட்டில் இட்டால் −8 + 4t + 4t + 1 + t − 2 = 0, அதாவது 9t = 9, t = 1. எனவே செங்குத்தின் அடி F(2, 2, 2). தளத்தில் இருக்கிறதா? −4 + 4 + 2 − 2 = 0; இருக்கிறது. PF-இன் நீளம் √(4 + 4 + 1) = 3. சூத்திரம் தந்த அதே எண்.

இனி தளத்தில் F தவிர வேறு எந்தப் புள்ளி Q-ஐ எடுத்தாலும், PF தளத்துக்குச் செங்குத்து, FQ தளத்துக்குள் கிடக்கிறது; ஆகவே PFQ ஒரு செங்கோண முக்கோணம், PQ அதன் கர்ணம். PQ² = PF² + FQ² என்பதால் PQ எப்போதும் PF-ஐ விடப் பெரியது.

அதே திசையில் இன்னொரு மடங்கு நகர்ந்து t = 2 என்று வைத்தால் (0, 4, 3) கிடைக்கிறது. தளத்தை ஒரு கண்ணாடியாகக் கொண்டால் P-யின் பிம்பப் புள்ளி அது.

எனக்கு விடை சில நேரம் 9 என்று வருகிறது, சில நேரம் 5/3 என்று வருகிறது. எங்கே தவறுகிறேன்?

9 வந்தால், |n| ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். இதைக் கண்டுபிடிக்க, சமன்பாடு முழுவதையும் 2 ஆல் பெருக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். தளம் மாறவில்லை, எனவே தொலைவும் மாறக் கூடாது. உங்கள் விடை 18 என்று மாறினால் வகுத்தல் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

5/3 வருவதற்குக் காரணம் மாறிலியின் குறி. தளத்தை −2x + 2y + z = 2 என்று வலப்பக்கத்தில் மாறிலியை வைத்து எழுதியிருப்பீர்கள்; பிறகு சூத்திரத்தில் உள்ள d-க்கு 2 என்று இட்டிருப்பீர்கள். ஆனால் சூத்திரம் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்த வடிவத்துக்கானது; அங்கே d = −2. −7 + 2 = −5 என்று வந்துவிட, 3 ஆல் வகுத்து 5/3 என்று எழுதிவிடுகிறோம். வெக்டர் சமன்பாட்டை r · n = d என்று படித்துவிட்டு, கார்டீசியன் சமன்பாட்டுக்கு மாறும்போது இந்தத் தடுமாற்றம் நேர்வது இயல்பு, ஏனென்றால் இரு இடங்களிலும் அதே d என்ற எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். தப்பிக்க வழி: P-யை இடுவதற்கு முன் A-யை இட்டுப் பாருங்கள். A தளத்தில் இருப்பதால் தொலைவு பூச்சியமாக வேண்டும். தவறான குறியுடன் இட்டால் 4 வரும், உடனே தெரிந்துவிடும்.

மட்டுக் குறியை நீக்கினால் −3 வருகிறது. அந்தக் கழித்தல் குறிக்கு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு. P தளத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. n நோக்கும் பக்கத்தில் இருந்தால் கூட்டல் குறி, எதிர்ப்பக்கத்தில் இருந்தால் கழித்தல் குறி. ஆதிப்புள்ளியை இட்டால் −2 வருகிறது, P-யை இட்டால் −9 வருகிறது. எனவே இரண்டும் ஒரே பக்கத்தில் உள்ளன. பிம்பப் புள்ளி (0, 4, 3)-ஐ இட்டால் +9. தேர்வில் தொலைவை மட்டும் கேட்டால் குறியை விட்டுவிடலாம். ஆனால் உண்மையான அளவீடுகளில் தொலைவை விடக் குறியே முக்கியமாக இருப்பதுண்டு. கீழே மொட்டை மாடிக் கணக்கில் அதைப் பார்க்கலாம்.

சூத்திரத்தைப் பயன்படுத்தாமல் விடையைச் சரிபார்க்க முடியுமா?

முடியும்; கனஅளவு வழியாக. ABC-ஐ அடித்தளமாகவும் P-யை உச்சியாகவும் கொண்ட நான்முகியை எண்ணிப் பாருங்கள். அதன் உயரம்தான் நாம் தேடும் தொலைவு. சுருக்காத குறுக்குப் பெருக்கம் (−6, 6, 3)-இன் நீளம் √(36 + 36 + 9) = 9; அது AB, AC-ஐப் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு என்பதால் முக்கோணம் ABC-இன் பரப்பு 4.5. நான்முகியின் கனஅளவு AP · (AB × AC)-இன் எண்ணளவில் ஆறில் ஒரு பங்கு: 27/6 = 4.5. கனஅளவு என்பது பரப்பு × உயரம் ÷ 3; எனவே உயரம் = 3 × 4.5 / 4.5 = 3.

வரலாற்றிலும் இந்தக் கணக்கு நான்முகியிலிருந்துதான் வந்தது. 1773-இல் லக்ராஞ்சு முக்கோண அடித்தளம் கொண்ட பிரமிடுகளை ஆராய்ந்தபோது, இன்று நாம் குறுக்குப் பெருக்கத்தின் உறுப்புகள் என்று எழுதுபவற்றையே பயன்படுத்தினார். அதற்குத் தனிப் பெயரும் குறியீடும் கிடைக்க, கிப்ஸும் ஹெவிசைடும் வெக்டர் கணிதத்தை வடிவமைத்த 1880-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எந்த மூன்று புள்ளிகளைக் கொடுத்தாலும் ஒரு தளம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் அந்தக் கோடு வழியாக எண்ணற்ற தளங்கள் செல்லும். திறந்த புத்தகத்தின் தாள்கள் எல்லாம் முதுகில் சேர்வதைப் போல. C-க்குப் பதிலாக (5, 3, 6)-ஐ எடுங்கள். AC = (4, 2, 4) = 2·AB. குறுக்குப் பெருக்கம் (0, 0, 0) ஆகிவிடுகிறது. இந்த நிலையில் தொலைவுச் சூத்திரம் 0/0 என்று நிற்கும்.

இது எளிதில் தெரிந்துவிடும். அபாயமானது இதற்குப் பக்கத்து நிலை: புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருப்பது. மூன்றாம் புள்ளியை (5, 3, 6.01) என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம். குறுக்குப் பெருக்கம் (0.01, −0.02, 0), சுருக்கினால் (1, −2, 0). அதே புள்ளியை இன்னொருவர் (5, 3.01, 6) என்று அளந்தால் (−0.02, 0, 0.02), சுருக்கினால் (−1, 0, 1). அளவீட்டில் வேறுபாடு ஏதோ ஓர் உறுப்பில் நூற்றில் ஒரு பங்கு அலகு. ஆனால் கிடைத்த இரு தளங்களுக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 71.6 பாகை! இரண்டு கணக்கிலும் தவறு எதுவும் இல்லை, மூன்று புள்ளிகளும் அந்தந்தச் சமன்பாட்டில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனாலும் இரண்டில் எதையும் நம்ப முடியாது.

இதைக் கண்டறிய |AB × AC|-ஐ |AB|·|AC| ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது A-யில் உள்ள கோணத்தின் சைன் மதிப்பு. நம் முதல் எடுத்துக்காட்டில் 9/(3·3) = 1, அதாவது செங்கோணம்; அதைவிட நல்ல நிலை கிடையாது. மேலே சொன்ன புள்ளிக்கு அது 0.0012 அளவில்தான் இருக்கும். புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று நன்றாகத் தள்ளி, அகலமான முக்கோணமாக எடுங்கள்.

நடைமுறையில் இதை எங்கே பயன்படுத்துவது? ஒரு நிஜக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

தமிழில் தளம் என்ற சொல்லுக்குக் கணிதத்துக்கு வெளியே உள்ள பொருளையே எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடித் தளம், கிழக்கு மேற்காக 9 மீட்டர், வடக்கு தெற்காக 6 மீட்டர். மழைநீர் ஒரு மூலையில் உள்ள குழாய்க்கு ஓட வேண்டும். கொத்தனார் டியூப் லெவலைப் பிடித்து, ஒரு குறிப்பு மட்டத்திலிருந்து மூலைகளின் உயரத்தை அளக்கிறார். A என்ற மூலையில் 120 மில்லிமீட்டர். அதிலிருந்து 9 மீட்டர் தள்ளியுள்ள B-யில் 30. மறுபக்கம் 6 மீட்டர் தள்ளியுள்ள C-யில் 90. மூலைவிட்டத்தின் மறுமுனையில், குழாய் இருக்கும் D-யில் 8. நடு மையம் M-இல் 48.

A, B, C மூன்றையும் கொண்டு தளத்தை அமைத்தால், x, y மீட்டரிலும் z மில்லிமீட்டரிலும் இருக்கும்போது z = 120 − 10x − 5y என்று வருகிறது. இதன்படி D-யின் உயரம் 120 − 90 − 30 = 0 ஆக இருக்க வேண்டும்; அளந்தது 8. ஆகவே D தளத்துக்கு 8 மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. M-இன் உயரம் 120 − 45 − 15 = 60 ஆக இருக்க வேண்டும்; அளந்தது 48. அங்கே 12 மில்லிமீட்டர் பள்ளம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேலே உள்ள சமன்பாட்டை 10x + 5y + z − 120 = 0 என்று எழுதி, D-யைத் தொலைவுச் சூத்திரத்தில் அப்படியே இட்டால், 8/√(100 + 25 + 1) = 8/11.22, ஏறத்தாழ 0.71 மில்லிமீட்டர் என்று வரும். அளவீட்டிலோ பெருக்கலிலோ பிழை இல்லை. ஆனால் விடை முற்றிலும் தவறு. நீளம், அகலம் மீட்டரிலும் உயரம் மில்லிமீட்டரிலும் இருக்கும்போது "செங்குத்து" என்ற சொல்லுக்கே பொருள் கெட்டுவிடுகிறது. மூன்றையும் மீட்டருக்கு மாற்றினால் சமன்பாடு 0.01x + 0.005y + z − 0.12 = 0; வகுக்க வேண்டிய எண் √(1 + 0.0001 + 0.000025), அதாவது 1.00006. எனவே தொலைவு 7.9995 மில்லிமீட்டர், நடைமுறையில் 8 தான்.

இவ்வளவு குறைந்த சரிவில் நேர் உயர வேறுபாடும் செங்குத்துத் தொலைவும் ஒன்றாகவே இருக்கும். 30 பாகை சரிந்த ஓட்டுக் கூரையில் அப்படி இராது: நேராகத் தொங்கவிட்ட நூல் 100 மில்லிமீட்டர் காட்டினால், கூரையிலிருந்து செங்குத்துத் தொலைவு 100 × cos 30° = 86.6 மில்லிமீட்டர். சூத்திரத்தின் கீழே உள்ள வர்க்கமூலம் செய்யும் வேலை இந்தச் சுருக்கம்தான்.

இனி M-இல் தண்ணீர் தேங்குமா? தொலைவின் குறி எதிராக இருப்பது பள்ளம் என்று சொல்கிறது. தேங்குமா என்பதைச் சரிவு சொல்ல வேண்டும். மிகச் சரிவான திசையில் இந்தத் தளம் மீட்டருக்கு √(10² + 5²) = 11.18 மில்லிமீட்டர் இறங்குகிறது. 12 மில்லிமீட்டர் இறங்க 1.07 மீட்டர் வேண்டும். எனவே M-இலிருந்து நீர் ஓடும் திசையில் 1.07 மீட்டருக்குள்ளேயே பள்ளம் முடிந்து பரப்பு மீண்டும் தளத்தோடு சேர்ந்துவிட்டால், அந்த விளிம்பு 48-ஐ விட உயரமாக இருக்கும்; தண்ணீர் தேங்கும். பள்ளம் அதற்கு அப்பாலும் நீண்டு மெல்ல மெல்லத் தளத்தோடு கலந்தால், நீர் ஓடிவிடக்கூடும்.

பல புள்ளிகளுக்குக் கணினியில் செய்ய வேண்டும். எப்படி எழுதுவது?

பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import numpy as np

def dist(A, B, C, P):
    A, B, C, P = (np.array(p, float) for p in (A, B, C, P))
    u, v = B - A, C - A
    n = np.cross(u, v)
    s = np.linalg.norm(n)
    if s <= 1e-9 * np.linalg.norm(u) * np.linalg.norm(v):
        raise ValueError("collinear")
    return np.dot(P - A, n) / s
```

நம் நான்கு புள்ளிகளை இட்டால் `-3.0` வரும். `s == 0` என்று சோதிக்காமல் ஒப்பீட்டு அளவில் சோதிப்பதற்குக் காரணம், பதின்மக் கணக்கின் நுண்பிழைகளால் ஒரே கோட்டில் உள்ள புள்ளிகளுக்கும் முழுப் பூச்சியம் வராமல் போகலாம் என்பதே. கையால் அளந்த புள்ளிகளுக்கு `1e-9` மிகவும் தளர்வான வரம்பு, அவற்றுக்கு 0.1 என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 6 பாகைக்குக் குறைந்த ஒடுங்கிய முக்கோணங்கள் நிராகரிக்கப்படும்.

நான்கு புள்ளிகளை அளந்தேன். எந்த மூன்றை எடுப்பது?

எந்த மூன்றை எடுத்தாலும் அவை தங்களுக்குள் முரண்படவே மாட்டா. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல. அதனால் மூன்று புள்ளிகளைக் கொண்டு அமைத்த தளம் அளவீட்டின் பிழையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. நான்காவது புள்ளிதான் முதல் சாட்சி.

நான்கையும் சமமாக நம்பினால், ஒவ்வொரு புள்ளியின் விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி தளத்தை அமைக்க வேண்டும். செவ்வகத்தின் நான்கு மூலைகளுக்கு இது மிக எளிதாகிவிடுகிறது. எதிரெதிர் மூலைகளின் உயரங்களைக் கூட்டிக் கழியுங்கள்: (120 + 8) − (30 + 90) = 8. இதை 4 ஆல் வகுத்தால் 2. புதிய தளத்திலிருந்து A-யும் D-யும் 2 மில்லிமீட்டர் மேலே இருக்கும், B-யும் C-யும் 2 மில்லிமீட்டர் கீழே இருக்கும். முன்பு D ஒன்றின் மேல் விழுந்த 8 மில்லிமீட்டர் இப்போது நான்கு மூலைகளுக்கும் பகிரப்பட்டுவிட்டது. இந்தத் தளத்தில் மையத்தின் உயரம் நான்கின் சராசரியான 62. எனவே M-இன் பள்ளம் 12 அன்று, 14.

நான்கு விலகல்களும் அளவில் சமமாக வந்துவிட்டதால், உண்மையில் எந்த மூலையில் பிழை என்று இந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது. D-யில் பூச்சு தடித்திருக்கலாம், B-யை அளக்கும்போது டியூப் லெவலின் குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்திருக்கலாம். குமிழியை வெளியேற்றிவிட்டு, விளிம்புகளின் நடுவே இன்னும் இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அவற்றையும் சேர்த்துத் தளத்தை மீண்டும் அமைக்க வேண்டும்.